குரூப் போட்டோவின் ஓரத்தில் நுழைந்த செல்ஃபி ஸ்டிக்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சதாபிஷேகம் ஒன்றில் எடுத்த குடும்பப் படம் இது. மண்டப மேடையில் மூன்று வரிசையாக முப்பது பேருக்கு மேல். நடுவில் பெரியவரும் அவர் மனைவியும், முன்வரிசையின் வலது கோடி நாற்காலியில் பெரியவரின் அக்கா, பிள்ளைகளுக்கு அத்தை. பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அந்த வாரமே கிளம்பிவிட்டார்கள். எல்லோரையும் மறுபடி ஒரே மேடையில் நிறுத்த வழியில்லை.

எங்கள் ஊரில் போட்டோகிராபர் படமெடுப்பார், ஆல்பம் வடிவமைப்பும் திருத்த வேலையும் என்னைப் போன்றவர்களிடம் வரும். குடும்பம் கேட்டது இரண்டு: ஆல்பத்தில் ஒரு முழு விரிப்பு, கூடத்தில் மாட்ட 20×30 அங்குலத்தில் ஒரு பிரேம். போட்டோகிராபர் தேர்ந்தெடுத்து அனுப்பிய படத்தில் எல்லோர் கண்ணும் திறந்திருந்தது, பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார், மடியில் இருந்த குழந்தைகூடக் கேமராவைப் பார்த்தது. ஆனால் வலது ஓரத்தில் ஒரு மணிக்கட்டு, அதிலிருந்து நீண்ட செல்ஃபி ஸ்டிக், அதன் நுனியில் படுக்கைவாட்டில் ஒரு போன். மேடைக்குக் கீழே போட்டோகிராபருக்குச் சற்று முன்னால் நின்ற உறவுக்காரப் பையன் ஒருவர் வீடியோ எடுத்திருக்கிறார்.

படத்தில் கண்டது

போன் கேமராவுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். முன்வரிசை மூன்றரை மீட்டரில். அதனால் கையளவுப் பொருளான போன், அந்த அத்தையின் உடம்பில் அரை மீட்டர் அகலத்தை மறைத்துவிட்டது. இடது முழங்கை, முன்கை, நாற்காலிக் கைப்பிடி, அதன் மேல் இருந்த கை, முழங்கை அருகே தொங்கிய முந்தானைக் கரை, பின்னால் திரைச்சீலையின் ஒரு பகுதி, தூணில் கட்டிய வாழைமரத்தின் அடிப்பாகம், இவ்வளவும் போனுக்குப் பின்னால். 6000 பிக்சல் அகலப் படத்தில் இது எண்ணூறு பிக்சலுக்குக் கொஞ்சம் மேல்.

இது வெளிப்படையாகத் தெரிவது. இன்னும் இரண்டு விஷயம் சட்டென்று கண்ணில் படாது.

முதலாவது, போனின் விளிம்பு. ஃபோகஸ் முன்வரிசையில் இருந்ததால் ஒரு மீட்டரில் இருந்த போன் கலங்கலாக விழுந்திருந்தது. அதன் கறுப்பு சட்டென்று முடியவில்லை. சுமார் இருபது பிக்சல் அகலத்துக்குப் பின்னால் இருக்கும் பட்டுச்சேலை நிறத்தோடு கலந்து கரைந்தது. போனை அதன் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தோடு செலக்ட் செய்து நீக்கினால், இந்தக் கலங்கல் ஒரு சாம்பல் கோடாக மிஞ்சி நிற்கும். சரியாகத் திருத்தாத படங்களில் 'இங்கே ஏதோ இருந்தது' என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கோடுதான்.

இரண்டாவது, நிழல். குடை வைத்த ஃபிளாஷ் விளக்கு போட்டோகிராபரின் வலப்பக்கம் நின்றது. அந்த ஒளியில் போனும் கையும் குறுக்கே வந்ததால், அவற்றின் நிழல் இடப்பக்கமாகத் தள்ளி அத்தையின் மடியில் விழுந்திருந்தது. குடை ஒளி என்பதால் ஓரம் தெளியாத, மெத்தென்ற நிழல். பார்ப்பவர் சேலையின் மடிப்பு என்றே நினைப்பார். போனை எடுத்துவிட்டு நிழலை விட்டால் மடியில் காரணமே இல்லாத ஒரு இருட்டு இருக்கும். என்ன குறை என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் படம் உறுத்தும்.

வெட்டிவிடலாமா?

ஓரத்தில் ஏதாவது நுழைந்தால் முதலில் தோன்றுவது வெட்டிவிடுவதுதான். பல படங்களில் அதுவே சரி. ஒரு விரல் நுனியோ தலைமுடியோ வெறும் சுவரின் மேல் விழுந்திருந்தால் நிரப்பி நேரத்தைச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. இங்கே வலமிருந்து எண்ணூறு பிக்சலை வெட்டினால் அத்தையின் பாதி உடம்பு போய்விடும். 20×30 அளவின் விகிதத்தைக் காக்க மேலேயோ கீழேயோ ஐந்நூறு பிக்சலுக்கு மேல் வெட்ட வேண்டும். மேலே பின்வரிசையின் தலைகள், கீழே முன்வரிசையின் கால்கள். அதனால் வெட்டும் யோசனையைக் கைவிட்டேன்.

பெரியவரின் மகளிடம் பேசியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அத்தை கை தெரியணும்ங்க. ஆனா வேற யார் கையையும் எடுத்து ஒட்டிடாதீங்க."

அந்தப் பேச்சுதான் மொத்த வேலையின் வழியைத் தீர்மானித்தது. ஒரு நாற்காலியை நிரப்புவதும் ஒரு மனுஷியின் கையை நிரப்புவதும் ஒரே வேலை இல்லை. திரைச்சீலையை நான் கற்பனையில் தீட்டலாம். அந்தக் கையை அப்படிச் செய்யக் கூடாது. அது வயதான, விரல் கணுக்கள் வீங்கிய, இரண்டு பொன் வளையல் போட்ட கை. அவர் வீட்டார் அதைத் தினமும் பார்த்தவர்கள்.

பின்னால் இருந்ததைத் தேடியது

நிரப்பத் தொடங்குமுன் போட்டோகிராபரைக் கூப்பிட்டு, அந்தத் தொடரில் எடுத்த மற்ற பிரேம்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். "கண்ணு மூடினதெல்லாம்கூட இருக்கு அண்ணே, கார்டை இன்னும் ஃபார்மேட் பண்ணலை" என்றார். இது பெரிய நிம்மதி. ராவ் கோப்புகளாகவே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது கதை விளங்கியது. முதல் இரண்டு பிரேமில் போன் இன்னும் நுழையவில்லை. ஓரம் முழுக்கச் சுத்தம். ஆனால் அவற்றில் அத்தை இரு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தார். நமக்கு வேண்டிய பிரேமிலோ போனின் கீழ் விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் நுனிகள் நாற்காலிக் கைப்பிடியின் மேல் தெரிந்தன. அதாவது அந்த நொடியில் கை மடியில் இல்லை. முதல் பிரேமின் முன்கையை வெட்டி ஒட்டினால், மேற்கை ஒரு பக்கம் சாய, முன்கை வேறு பக்கம் திரும்பும். முழங்கை உடைந்ததுபோல் இருக்கும்.

கடைசி பிரேமில் விடை இருந்தது. அதற்குள் அந்தப் பையன் ஸ்டிக்கை உயர்த்தியிருந்தார். போன் இப்போது வாழைமரத்தை மறைத்தது, ஆனால் கீழே கைப்பிடியும் அதன் மேல் அத்தையின் கையும் முழங்கை வரை திறந்து தெரிந்தன. பின்னணி முதல் பிரேமிலிருந்து, கை கடைசி பிரேமிலிருந்து என்று முடிவு செய்தேன். இரண்டிலும் கிடைக்காதது கொஞ்சம்தான்: முழங்கைக்கும் நாற்காலிக்கும் இடையே உள்ளங்கை அகலத்துக்கு முந்தானைக் கரை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் போட்டோஷாப்பில் முதல் லேயரைத் திறந்தேன். முதலிலேயே Content-Aware Fill கொடுத்திருந்தால் ஏதோ ஒன்றால் அந்த இடம் நிரம்பியிருக்கும். அந்தக் கருவி படத்திலேயே வேறிடத்தில் இருக்கும் துணுக்குகளை எடுத்து நிரப்புவது. பட்டு, தங்கக்கரை, தோல், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் சந்திக்கும் இடத்தில் எது எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது.

பின்னணியைப் பொருத்தியது

போட்டோகிராபர் கையில் கேமராவைப் பிடித்து எடுத்திருந்தார். முதல் பிரேமுக்கும் நமது பிரேமுக்கும் இடையே அரை அடி நகர்ந்திருந்தார். Auto-Align Layers கொடுத்ததும் பின்வரிசையும் திரைச்சீலையும் அச்சாகப் பொருந்தின, ஆனால் முன்வரிசை நூறு பிக்சலுக்கு மேல் விலகி நின்றது. இது கருவியின் குறை இல்லை. கேமரா பக்கவாட்டில் நகரும்போது கிட்டே இருப்பது அதிகமாகவும் தூரத்தில் இருப்பது குறைவாகவும் இடம் மாறும். ஒரே பொருத்தத்தில் இரண்டையும் சரிக்கட்டவே முடியாது.

அதனால் முதல் பிரேமை இரண்டு பிரதியாக வைத்தேன். ஒன்றைத் திரைச்சீலைக்கும் தூணுக்கும் பொருத்தி, அந்தப் பகுதி மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டேன். இன்னொன்றை நாற்காலியின் முதுகுக் கம்பியை வைத்துக் கையால் நகர்த்திப் பொருத்தினேன். மாஸ்க்கின் ஓரம் கலங்கல் பட்டையைத் தாண்டி, போனின் தெரியும் விளிம்பிலிருந்து முப்பது பிக்சல் வெளியே போகுமாறு பார்த்துக்கொண்டேன்.

திரைச்சீலைக்கும் வாழைமரத்துக்கும் வேறு பெரிய வேலை எதுவும் தேவைப்படவில்லை. அதே கேமரா, அதே லென்ஸின் அதே ஓரம். ஓர இருட்டும் அகலக்கோண லென்ஸ் ஓரத்தில் உண்டாக்கும் இழுவையும் இயல்பாகவே ஒத்துப்போயின. இதே திரைச்சீலையைப் படத்தின் நடுவிலிருந்து குளோன் செய்திருந்தால் ஓரத்தில் வெளிறிய திட்டாக நின்றிருக்கும்.

கையைப் பொருத்தியது

நேரம் போனது இங்கேதான். கடைசி பிரேமில் ஃபிளாஷ் முழுதாக சார்ஜ் ஆகுமுன் அடித்திருந்தது. தொடர்ந்து வேகமாக எடுக்கும்போது இது நடக்கும். வெளிச்சம் ஏறக்குறைய பாதி. அளவு குறைந்ததோடு நிறமும் மாறியிருந்தது. ஃபிளாஷ் குறைந்தால் மண்டபத்தின் மஞ்சள் விளக்குகளின் பங்கு கூடிவிடும். ராவ் கோப்பில் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, ஏற்றி, வெள்ளைச் சமநிலையை நீலப்பக்கம் நகர்த்தினேன். ஒப்பிட்டுப் பார்க்க, போன் மறைக்காத இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டேன். அவை இரண்டு பிரேமிலும் இருந்தன. ஒன்றில் எடுத்த தோல் நிறத்துக்கு இன்னொன்றின் நிறம் சமமாகும் வரை Curves-இல் சிவப்பையும் நீலத்தையும் தனித்தனியே அசைத்தேன். கண் மதிப்பீட்டை விட இப்படி ஒரே பொருளின் இரண்டு பதிவுகளை ஒப்பிடுவது நம்பத்தகுந்தது.

கை பொருந்தியதும் வளையல்களில் ஒன்று இடறியது. நமது பிரேமில் போனின் ஓரத்தில் ஒரு வளையலின் வளைவு கொஞ்சம் வெளியே தெரிந்தது. கடைசி பிரேமில் அதே வளையல் மணிக்கட்டை நோக்கிச் சற்று இறங்கியிருந்தது. இரண்டையும் வைத்தால் இரண்டு வளையல் மூன்றாகிவிடும். வெளியே தெரிந்த வளைவை மறைத்து, கடைசி பிரேமின் நிலையையே ஏற்றுக்கொண்டேன். வளையல் ஒரு விரற்கடை நகர்ந்தது உண்மைக்குக் கேடில்லை. எண்ணிக்கை மாறினால் வீட்டுப் பெண்கள் முதல் பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆதாரம் இல்லாத இடம்

மிஞ்சியது முந்தானைக் கரை. அரக்கு உடம்பு, பச்சைக் கரை, கரையில் வரிசையாக அன்னப்பட்சி. இதை நிரப்ப அதே சேலையின் வேறு பகுதிதான் ஆதாரம். வலது பக்கம் தெரிந்த கரையைத் திருப்பிப் போட்டால் வளைவு சரியாக அமையும்போலத் தோன்றியது. ஆனால் திருப்பினால் அன்னங்கள் எதிர்ப்பக்கம் பார்க்கும், ஜரிகையின் பளபளப்பும் விளக்கு இல்லாத பக்கத்திலிருந்து வருவதாக ஆகிவிடும். எனவே மடியில் விழுந்த கரையின் ஒரு துண்டைத் திருப்பாமல் எடுத்து, Warp-இல் வளைத்தேன்.

முதலில் சரிசெய்தது கோடுகளைத்தான். அரக்கும் பச்சையும் சேரும் கோடு, கரையின் வெளி ஓரம், இரண்டும் போனுக்கு மேலே எங்கே மறைந்து கீழே எங்கே வெளிவருகின்றன என்று பார்த்து, இடையில் ஒரு மெல்லிய வழிகாட்டிக் கோடு வரைந்தேன். அந்தக் கோட்டில் துண்டு உட்கார்ந்த பிறகுதான் நெசவையும் பளபளப்பையும் Clone Stamp கொண்டு தொட்டேன். தனி லேயரில், Sample-ஐ Current & Below என்று வைத்து, தூரிகையின் விளிம்பை ஓரளவு கடினமாகவே வைத்தேன். மெத்தென்ற தூரிகை நெசவின் நூல்களைக் குழைத்துவிடும். Healing Brush-ஐ இங்கே தொடவில்லை. அது சுற்றுப்புற நிறத்தைத் தன்னோடு கலப்பதால், பச்சைக் கரைக்குள் அரக்கு கசிந்துவரும். வெறும் தோலுக்கும் சுவருக்கும் நல்ல கருவி, இரண்டு நிறம் முட்டும் எல்லைக்கு உதவாது.

ஸ்டிக்கின் அடிப்பாகம் மறைத்த கம்பள மூலையைப் பக்கத்துக் கம்பளத்திலிருந்து குளோன் செய்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மடியில் விழுந்த நிழலை நீக்க, Curves லேயர் ஒன்றில் வெளிச்சத்தை ஏற்றி, நிழலின் வடிவத்தில் மாஸ்க் தீட்டினேன். அந்த இடத்தில் ஃபிளாஷ் ஒளி தடைபட்டு மண்டப விளக்கு மட்டுமே பட்டிருந்ததால், வெளிச்சம் ஏறியதும் மஞ்சள் தலைகாட்டியது. நீலத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. போனிலிருந்து விலகப் போகும் பக்கத்தில் நிழலின் ஓரம் இன்னும் மெத்தென்று இருந்தது, அங்கே மாஸ்க்கையும் அதே அளவுக்குக் கரைத்தேன்.

சோதனையும் அச்சும்

திரையில் மூன்று விதமாகச் சோதித்தேன். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தது ஒன்று. பழகிய கண்ணுக்கு ஒளிந்துகொள்ளும் குறை அப்போது வெளிப்படும். கால் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தது இன்னொன்று. மூன்றாவது, மேலே ஒரு Curves லேயரைப் போட்டு அதைப் பல முறை ஏறி இறங்கும் அலையாக வளைத்தது. படம் விகாரமான நிறங்களாக மாறும், ஆனால் ஒட்டின் விளிம்பில் இருக்கும் மிகச் சிறிய ஒளி வேறுபாடுகூட எல்லைக்கோடாகத் தெரிந்துவிடும். இதில் நாற்காலியின் முதுகருகே ஒரு ஓரம் அகப்பட்டது, மாஸ்க்கைத் திருத்தினேன்.

20×30-இல் ஓர் அங்குலத்துக்கு இருநூறு பிக்சல் வரும். முழுப் படத்தையும் அச்சிடாமல், வலது மூலையை மட்டும் அதே அளவில் 8×12 தாளில் சோதனைப் பிரிண்ட் போட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்ததும் திரையில் தெரியாத ஒன்று தெரிந்தது. கையில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பொடி இரைச்சல் அதிகம், வளைத்து ஒட்டிய கரையில் இரைச்சலே இல்லை, இடையே அசல் படம் நடுத்தரமாக. ஒரு ஸ்டாப் ஏற்றியது இரைச்சலையும் ஏற்றியிருந்தது. வளைத்ததோ பிக்சல்களைச் சராசரியாக்கி வழவழப்பாக்கியிருந்தது. கையில் இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து, கரையின் மேல் Add Noise-இல் ஒரே நிற இரைச்சலை லேசாகச் சேர்த்தேன். அடுத்த பிரிண்டில் மூன்றும் ஒரே கேமராவில் ஒரே நொடியில் எடுத்ததுபோல் அமைந்தன.

முடிவு

குடும்பம் சோதனைப் பிரிண்டையும் அசலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மகள் முதலில் பார்த்தது கையைத்தான். "அத்தை மோதிர விரலை இப்படித்தான் மடக்கி வைப்பாங்க" என்றார். கடைசி பிரேமிலிருந்து எடுத்ததால் கிடைத்தது அது. பெரிய பிரிண்ட் கூடத்தில் மாட்டப்பட்டது. திருத்தாத அசலையும் எந்தெந்த பிரேமிலிருந்து எது வந்தது என்ற குறிப்போடு லேயர் கோப்பையும் சேர்த்து அவர்களிடம் கொடுத்தேன். அன்று அங்கே செல்ஃபி ஸ்டிக் இருந்தது என்பதும் அந்த வீட்டின் நினைவுதானே.

இப்படித் திருத்துவது குடும்பப் படத்துக்குச் சரி. செய்திப் படத்துக்கு இதே வேலையைச் செய்யக் கூடாது. 2013 செப்டம்பரில் சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் கீழ் மூலையில் சக செய்தியாளரின் வீடியோ கேமரா விழுந்திருந்தது. அதைக் குளோன் செய்து நீக்கிய படக்காரருடன் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2014 ஜனவரியில் உறவை முறித்துக்கொண்டது. புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர் அவர். நீக்கியது ஓரத்தில் கிடந்த ஒரு சாதாரணப் பொருளைத்தான். அந்தத் தொழிலில் அளவு முக்கியமில்லை. ஊர்த் திருவிழாப் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பும் நண்பர்கள் ஓரக் கையை நீக்கித் தரச் சொல்லும்போது, வெட்டித்தான் தருகிறேன், நிரப்பித் தருவதில்லை.

அடுத்த முறை மாறுவது

போட்டோகிராபரும் நானும் பேசி, படமெடுக்கும் இடத்தில் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். "முதல்ல எங்க கேமரா, அப்புறம் உங்க போன், எல்லாருக்கும் நேரம் தர்றோம்" என்று அவர் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். தங்களுக்கும் முறை வரும் என்று தெரிந்தால் யாரும் முண்டியடிப்பதில்லை. கோடியில் இருப்பவருக்கு அப்பால் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விடுகிறார். ஏதாவது நுழைந்தாலும் ஆள் மேல் விழாது. ஃபிளாஷ் சார்ஜ் ஆகும் வரை காத்து அடுத்ததை எடுக்கிறார். வெளிச்சத்தையும் ஜூமையும் தொடர் முடியும் வரை மாற்றுவதில்லை.

குழு கலைந்ததும் அதே இடத்தில் நின்று காலி மேடையையும் ஒரு படம் எடுத்துவைக்கிறார். திரைச்சீலைக்கும் தூணுக்கும் நாற்காலிக்கும் அது போதும். மறைந்துபோன கைக்கோ சேலைக்கோ அது உதவாது. அதற்கு மற்ற பிரேம்கள் வேண்டும். எனவே ஆல்பம் கைக்குப் போகும் வரை, கண் மூடியவை உட்பட, எந்த பிரேமையும் அழிப்பதில்லை என்பதை ஆர்டர் வாங்கும்போதே எழுதி வைத்துக்கொள்கிறோம்.